போர்டு மீட்டிங் ரெக்கார்டிங்கும் ஒரு டிரெய்னியின் இரவும்: இந்தச் சிறுகதையை எழுதுவது எப்படி?

சண்டையில் முடிந்த ஒரு போர்டு மீட்டிங். அதன் ரெக்கார்டிங்கைக் கேட்டு, விடிவதற்குள் மீட்டிங்கின் அதிகாரப்பூர்வப் பதிவான மினிட்ஸின் வரைவை எழுதித் தர வேண்டிய ஒரு டிரெய்னி. இந்தக் கருவை எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் மீட்டிங்கைத்தான் கதையாக்குகிறார்கள். மேசையைத் தட்டுகிறார்கள், கோப்பைத் தூக்கி எறிகிறார்கள், யாராவது வெளிநடப்புச் செய்கிறார்கள். டிரெய்னி இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. நடந்து முடிந்த சண்டையில் அவளால் எதையும் மாற்ற முடியாது. ஆகவே கதை அங்கே இருக்க வழியில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று அவள் எடுக்கும் முடிவில்தான் கதை இருக்கிறது. அந்த முடிவு வாசகருக்குப் புரிய வேண்டுமானால், எழுதுபவருக்கு அவளுடைய வேலை தெரிந்திருக்க வேண்டும்.

கீழே ஒரு கதையை அடித்தளத்திலிருந்து கட்டிக் காட்டுகிறோம். களம் கோயம்புத்தூர். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத சிறிய பப்ளிக் லிமிடெட் நூற்பாலை ஒன்று. எம்.டி.யின் அண்ணனுக்குச் சொந்தமான குடோனை மில் குத்தகைக்கு எடுக்க வேண்டும் என்பது அஜெண்டாவில் நான்காவது பொருள்.

முதல் படி: ஏன் விடிவதற்குள்?

கருவிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. இந்திய நிறுவனங்கள் போர்டு மீட்டிங் நடத்தும் முறையைச் சொல்லும் செயலகத் தரநிலைப்படி, மீட்டிங் முடிந்த 15 நாளுக்குள் மினிட்ஸ் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்பினால் போதும். அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள். மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற, மீட்டிங் முடிந்ததிலிருந்து 30 நாள். இவ்வளவு அவகாசம் இருக்கும்போது ஒரு சின்னப் பெண்ணை ராத்திரி முழுக்க உட்கார வைப்பானேன்? தொழில் தெரிந்த வாசகர் முதல் பத்தியிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "அவசரம், காலையில் வேணும்" என்று மட்டும் எழுதினால் கதை அங்கேயே நொண்டும்.

காரணத்தை வேலைக்குள்ளேயே தேடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். மறுநாள் காலை பத்தரைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கியாகிவிட்டது. அங்கே போர்டு தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கொடுக்க வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே தீர்மான நகலைக் கொடுக்கத் தரநிலை ஒரு வழி விடுகிறது: அந்தத் தீர்மானத்தின் வாசகம் மீட்டிங்கில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். நம் கதையில் வைக்கப்பட்ட வாசகம் சதுர அடிக்கு 25 ரூபாய் வாடகை என்று சொன்னது. சண்டைக்குப் பிறகு அது 21 ஆகிவிட்டது. கையில் தயாராக இருந்த தாள் செல்லாது. புதிய வாசகம் ரெக்கார்டிங்கில் மட்டுமே இருக்கிறது.

இப்போது கெடுவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கூடவே ஒரு நெருடலும் கிடைத்துவிட்டது. இந்த அவசரமே சரியானதா? தீர்மானம் போடும் முன்பே டோக்கன் வாங்கியது யார்? இந்தக் கேள்விகளுக்குக் கதை பதில் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்னியின் மனதில் ஒரு வரியாக ஓடினால் போதும்.

அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய கம்பெனியில், சட்ட ஆவணங்களையும் போர்டு மீட்டிங்குகளையும் கவனிக்கும் கம்பெனி செகரட்டரி முழுநேரமாக இருக்கக் கட்டாயமில்லை. ஆகவே தனியாகத் தொழில் நடத்தும் ஒரு கம்பெனி செகரட்டரியின் அலுவலகத்தில் அவளைப் பயிற்சிக்கு வையுங்கள். கம்பெனியைப் பெரிதாக்கும் ஆசை வேண்டாம். பெரிதாக்கினால் ஆடிட் கமிட்டி வேண்டும், இந்தக் குத்தகை முதலில் அங்கே போயிருக்க வேண்டும், உங்கள் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த அந்தக் கம்பெனி செகரட்டரி, அவளுடைய சார், ஏன் எழுதவில்லை? அவருடைய நோட்டைக் காட்டுங்கள். முதல் மூன்று பொருளுக்கும் அழகான கையெழுத்து. நான்காவதுக்கு ஒரு தலைப்பு, அதன் கீழ் ஒரு கோடு. நீளமான விளக்கத்தைவிட இந்தக் கோடு அவரைப் பற்றி அதிகம் சொல்லும். அவர் இப்போது சென்னை ரயிலில் இருக்கிறார், பாதி நேரம் சிக்னல் இல்லை.

இரண்டாம் படி: அறையை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் மேசையை வரைந்து யார் எங்கே என்று குறியுங்கள். ஐந்து இயக்குநர்கள் போதும், அதற்கு மேல் போனால் வாசகரால் குரல்களைப் பிரிக்க முடியாது. தலைவர், எம்.டி., ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மில்லைத் தொடங்கிய குடும்பத்தின் பெரியவர், வெளியூரிலிருந்து வீடியோவில் சேர்ந்த ஒருவர்.

அந்த ஐந்தாமவரை வீணாகச் சேர்க்கவில்லை. ஒரு இயக்குநர் வீடியோ வழியாகக் கலந்துகொண்டால் மீட்டிங்கைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டுக் கணக்குத் தணிக்கை முடியும் வரையாவது அந்தப் பதிவைக் கம்பெனி ஆவணமாகப் பாதுகாக்கவும் வேண்டும். ரெக்கார்டிங் ஏன் இருக்கிறது, அதை ஏன் அழிக்க முடியாது என்ற இரண்டு கேள்விக்கும் இவரே பதில்.

அதே விதிகளில் கதைக்கு வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. தொடக்கத்தில் தலைவர் வருகை கேட்க வேண்டும், பேசும் ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் பெயரைச் சொல்ல வேண்டும். டிரெய்னிக்கு யார் குரல் எது என்று தெரிவது இப்படித்தான். முதல் நான்கு நிமிடம் ஐந்து குரலும் அடக்கமாக, வரிசையாக வருகின்றன. அதை அவள் இரண்டு முறை கேட்டுக் குரல்களைப் பழகிக்கொள்ளட்டும். வாசகரும் கூடவே பழகிக்கொள்வார். அடுத்தது, ஒரு தீர்மானத்துக்கு எதிர்ப்பு வந்து வாக்கெடுக்க வேண்டியிருந்தால், தலைவர் ஒவ்வொருவர் பெயரையும் அழைத்து வாக்கைக் குறிக்க வேண்டும். நம் தலைவர் கோபத்தில் அதைச் செய்யவில்லை. "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே? சரி, பாஸ். அடுத்தது" என்று தாண்டிவிட்டார். கதையின் முடிச்சு இந்த ஒரு வரியில் விழுகிறது.

எம்.டி. விஷயத்தில் புதியவர்கள் தவறுவது சகஜம். அண்ணன் குடோன் என்பதால் அவர் இதில் ஆதாயம் உள்ளவர். உறவினரோடு போடும் ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது அவர் அறையிலேயே இருக்கக் கூடாது. எம்.டி.யும் வங்கி அதிகாரியும் நேருக்கு நேர் கத்தும் காட்சியை எழுதினால் விதி தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் நாற்காலியைத் தள்ளி எழும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் ரெக்கார்டிங்கில் வரட்டும். அவர் இல்லாத அறையில் அவருக்காகத் தலைவர் சண்டை போடுவது, அவரே போடுவதைவிடச் சுவையானது.

மூன்றாம் படி: இரவைக் கணக்குப் போடுங்கள்

ரெக்கார்டிங் 2 மணி 35 நிமிடம். அதன் ஒலி மட்டும் அவள் கையில் கிடைப்பது இரவு எட்டரைக்கு. காலை ஆறு மணிக்கு மெயில் போக வேண்டும். கையில் ஒன்பதரை மணி நேரம்.

தெளிவான ஒற்றைக் குரல் பதிவை வரிக்கு வரி எழுத, ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்தக் கணக்கில் இதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவர் மேல் ஒருவர் பேசும் இடங்களில் இன்னும் கூடும். ஆக, முழுவதையும் எழுதுவது நடக்காத காரியம். கதையின் முதல் திருப்பமாக இதையே வைக்கலாம். ஒன்பது மணியிலிருந்து பத்தே கால் வரை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்கிறாள், திரும்பிப் பார்த்தால் பதினெட்டு நிமிடம்தான் தாண்டியிருக்கிறது. அப்போது நோட்டை எடுக்கிறாள்.

அனுபவம் உள்ளவர்கள் செய்வது இதுதான். முதல் சுற்றில் எதையும் எழுதாமல், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் எந்தப் பொருள், எங்கே முடிவு, எங்கே சண்டை என்று நேரத்தை மட்டும் குறிப்பார்கள். நம் ரெக்கார்டிங்குக்கு நிறுத்தி நிறுத்திக் கேட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அது முடியும்போது மணி பன்னிரண்டேகால். அவளிடம் இப்போது இருப்பது இப்படி ஒரு பக்கம்:

0:00 வருகை
0:06 சென்ற மீட்டிங் மினிட்ஸ், ஒப்புதல்
0:21 காலாண்டுக் கணக்கு
0:58 பஞ்சு கொள்முதல்
1:14 குடோன். எம்.டி. வெளியே
1:31 சத்தம்
1:52 வாடகை 21
2:01 "பாஸ்"
2:02 எம்.டி. உள்ளே
2:09 இதர விஷயங்கள்
2:33 நன்றி

இந்தத் தாளைக் கதைக்குள் அப்படியே போடலாம். "1:31 சத்தம்" என்ற இரண்டு சொல் போதும், வாசகர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

சண்டையில்லாத பொருள்களை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவாள், சாரின் நோட்டும் உதவும். கதையில் அதற்கு ஒரு பத்தி கொடுத்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் குடோனுக்கு. 1:52 முதல் 2:02 வரையுள்ள பத்து நிமிடத்தைத்தான் அவள் சொல்லுக்குச் சொல் பிடிக்க வேண்டும். கலந்து கேட்கும் பேச்சில் ஒரு நிமிடத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். அதிகாலை மூன்று. முடிச்சு அவிழ வேண்டிய நேரமும் அதுதான்.

நான்காம் படி: வாசகரின் காதில் கேட்க வையுங்கள்

"குரல்கள் தெளிவில்லாமல் ஒலித்தன" என்று எழுதுவது பயனற்றது. ஏன் தெளிவில்லை என்று தெரிந்தால் என்ன எழுதுவது என்பதும் தெரியும்.

மேசை நடுவில் ஒரே மைக். எல்லாக் குரலும் ஒரே தடத்தில் விழுகின்றன. மைக்குக்கு அருகில் தாள் புரட்டும் சத்தம், மூலையில் கத்துபவரின் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். இருவர் சேர்ந்து பேசினால் உரத்த குரல் மெல்லிய குரலை மூடிவிடும். வேகத்தைக் குறைத்தால் சொற்கள் நீளுமே தவிர இரண்டு குரலும் பிரிந்து வராது. புதியவர்கள் அவளைத் திரும்பத் திரும்ப வேகம் குறைத்துக் கேட்க வைத்து, திடீரென்று ஒரு சொல் "தெளிவாகக் கேட்டதாக" எழுதுவார்கள். அப்படி நடப்பதில்லை. உண்மையில் உதவுவது மூன்று நான்கு விநாடித் துண்டைப் பலமுறை கேட்பதும், நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து கேட்பதும்தான். ஒரே துண்டை விடாமல் கேட்டால் காது தனக்கு வேண்டியதைக் கேட்கத் தொடங்கிவிடும். இந்த அபாயத்தைக் கதை பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீடியோவில் இருப்பவரின் குரல் தெளிவாக இருக்கும், ஆனால் சற்றுப் பிந்தி வரும். அவருடைய "சரிங்க" எந்தக் கேள்விக்கு என்று ஒரு கணம் தடுமாற வைக்கும். இதை ஒரு முறை காட்டினால் போதும்.

நம் முடிச்சுக்கு வேண்டியது வேறொன்று. வீடியோ மீட்டிங் மென்பொருள்கள் பின்னணிச் சத்தத்தைத் தாமாகவே அடக்கும். ஃபேன், தட்டு, ஸ்பூன் போன்ற மெல்லிய சத்தங்களைக் குறைத்து மனிதக் குரலை முன்னே கொண்டுவரும். கேட்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அறையில் என்ன நடந்தது என்ற தடயம் போய்விடும். சார் எப்போதும் தன் போனையும் மேசையில் பதிவு செய்ய வைப்பவர் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவையுங்கள். போன் பதிவில் இரைச்சல் அதிகம், அதனால் அவள் அதை முதலில் ஒதுக்கிவிடுகிறாள்.

ஐந்தாம் படி: சண்டையை மினிட்ஸாக மாற்றிக் காட்டுங்கள்

கதையில் ஒரு முறையாவது பேச்சையும் அது மினிட்ஸில் மாறிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாசகருக்கு இந்தத் தொழில் புரிவது அங்கேதான்.

ரெக்கார்டிங்கில்:

"சதுர அடிக்கு இருவத்தஞ்சுன்னா ஊரே சிரிக்குமுங்க. பக்கத்துலயே பதினாறுக்குக் கெடக்குது."

"பதினாறுக்குக் கெடைக்கறது தகரக் கொட்டாயி. அதுல நூலை வெச்சா மழைக்கு என்னாகறது?"

"தகரமோ ஓடோ, அண்ணன் குடோன்னு ஒத்தை வரில சொல்லியிருந்தா அஜெண்டால நாலு பக்கம் மிச்சமாயிருக்கும்."

"வார்த்தைய அளந்து பேசுங்க. இது பேங்க் கவுண்டர் இல்ல."

"கேள்வி கேக்கத்தானுங்க என்னைய இங்க உக்கார வெச்சிருக்கீங்க!"

மினிட்ஸில்:

"முன்மொழியப்பட்ட வாடகை அப்பகுதியின் நடப்பு வாடகையைவிட அதிகம் என்று ஒரு இயக்குநர் சுட்டிக்காட்டினார். கட்டடத்தின் தரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனத் தலைவர் கூறினார். விவாதத்துக்குப் பின், 12,000 சதுர அடி குடோனுக்கான மாத வாடகையைச் சதுர அடிக்கு 21 ரூபாய் வீதம் 2,52,000 ரூபாயாக நிர்ணயிக்க முடிவு செய்யப்பட்டது."

மினிட்ஸ் படர்க்கையில், இறந்தகாலத்தில் எழுதப்படும். தீர்மான வாசகம் மட்டும் நிகழ்காலத்தில் வரும். (நிஜத்தில் இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். கதையில் தமிழாகவே வைத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை.) தகரக் கொட்டகையும் பேங்க் கவுண்டரும் காணாமல் போனதைக் கவனியுங்கள். இது மூடி மறைப்பது ஆகாது. மினிட்ஸ் நடந்ததன் நியாயமான, சரியான சுருக்கமாக இருந்தால் போதும், சொல்லுக்குச் சொல் பிரதி தேவையில்லை. ஒருவரை இழிவுபடுத்துவது, பொருளுக்குத் தொடர்பில்லாதது, கம்பெனி நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதைச் சேர்க்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 118ஆம் பிரிவு, வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் முடிவு தலைவருடையது.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒவ்வொரு தீர்மானத்திலும், அதை எதிர்த்த இயக்குநரின் பெயரும், உடன்படாத இயக்குநரின் பெயரும் மினிட்ஸில் இருக்க வேண்டும். இதில் தலைவரின் விருப்பத்துக்கு இடமில்லை. வசவை விடலாம், வாக்கை விட முடியாது. கதை முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது. ஐந்தாறு வசவுகளை அவள் அமைதியாக நீக்கிக்கொண்டே வரட்டும், நீக்குவது அவளுக்கும் வாசகருக்கும் பழகிப்போகட்டும். அப்புறம் 2:01 வரட்டும்.

ஆறாம் படி: முடிச்சு

எம்.டி. வெளியே இருப்பதால் வாக்கு நால்வருக்கு. தலைவர் ஆதரவு. வீடியோவில் இருப்பவர் "சரிங்க" என்கிறார். வங்கி அதிகாரி "என் எதிர்ப்பை எழுதிக்குங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். பெரியவர் மட்டும் மிச்சம்.

"எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?"

"வேண்டாம்."

"சரி, பாஸ். அடுத்தது."

மென்பொருள் பதிவில் இவ்வளவுதான். அவள் இதை எதிர்ப்பு என்று எழுதுகிறாள், எழுதியபின் கை நிற்கிறது. பெரியவர் அப்படி எதிர்த்திருந்தால் தலைவர் இப்படிக் கடந்துபோவாரா? அப்போதுதான் போன் பதிவைத் திறக்கிறாள். அதில் "வேண்டாம்" என்பதற்கு ஒரு விநாடி முன்னால் சாஸரில் டம்ளர் உரசும் சத்தம். பின்னால், அந்தச் சத்தம் விலகிப் போகிறது. காப்பி கொண்டுவந்த பையனிடம் சொன்னதாக இருக்கலாம். அல்லது தீர்மானத்துக்குச் சொல்லும் நேரத்தில் தற்செயலாகக் காப்பி வந்திருக்கலாம். ரெக்கார்டிங் இதற்கு மேல் பதில் சொல்லாது. கதையும் சொல்லக் கூடாது.

காப்பிக்குத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. அப்போது அவர் வாக்கே அளிக்கவில்லை என்றாகிறது, "உடன்படாதவர்" என்ற இடத்தில் அவர் பெயர் வருமா என்ற கேள்வி எழுகிறது. "ஒருமனதாக" என்று எழுத எப்படியும் வழியில்லை, வங்கி அதிகாரி எதிர்த்தாயிற்று.

முடிவு எப்படியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறிவிடும் என்பதையும் கவனியுங்கள். பெரியவர் எதிர்க்காவிட்டால் ஆதரவுக்கே பெரும்பான்மை. எதிர்த்திருந்தால் இரண்டுக்கு இரண்டு, கம்பெனியின் சங்க விதிகள் அனுமதித்தால் தலைவரின் தீர்க்கும் வாக்கு இருக்கிறது. மில்லுக்கு எந்த மாற்றமும் இல்லை. நாளை இந்தக் குத்தகையில் வில்லங்கம் வந்தால் பெரியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டும்தான் மாறும். தெரிந்தே ஆட்சேபிக்காமல் இருந்தவரும் ஆட்சேபம் பதிவானவரும் சட்டத்தின் முன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தீர்மானம் விழுமா நிற்குமா என்று பரபரப்பை ஏற்றாதீர்கள். ஒரு கிழவரின் ஒற்றைச் சொல் மட்டும் அவள் கையில் இருப்பது அதைவிடக் கனமானது.

ஏழாம் படி: முடிவைத் தேர்ந்தெடுப்பது

அவள் ரெக்கார்டிங்கைப் பத்திரிகைக்கு அனுப்புவது, பெரியவர் வீட்டுக்கு விடியற்காலையில் ஓடிப்போவது, இரண்டும் வேண்டாம். முதலாவது அவளைத் தொழிலை விட்டே துரத்தும், அந்த ரகசியக் காப்பு மீறலை வாசகர் வீரமாக எடுத்துக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவதில், இயக்குநரை எழுப்பிக் கேட்கும் இடத்தில் ஒரு டிரெய்னி இல்லை.

நல்ல டிரெய்னி செய்வது, வரைவில் அந்த இடத்தைச் சதுர அடைப்புக்குள் விட்டுவைப்பது: "[பெரியவரின் நிலை தெளிவில்லை. 2:01:14 கேட்கவும். பெயர் அழைத்து வாக்கெடுக்கப்படவில்லை.]" அதைச் சாருக்கு அனுப்பிவிட்டு அழைக்கிறாள். மூன்றாவது முறை லைன் கிடைக்கிறது.

"சார், நாலாவது பொருள்ல ஒரு சந்தேகங்க சார்."

"அடைப்பெல்லாம் எடுத்துடும்மா. வங்கிக்காரர் ஒருத்தர்தான் எதிர்ப்பு. பெரியவர் காப்பி வேண்டாம்னாரு, நான் பக்கத்துல தானே இருந்தேன்."

"அப்ப அவரு ஓட்டு என்னங்க சார்?"

ரயில் சத்தம்.

"அந்த போன் ரெக்கார்டிங்க அழிச்சுடு. ஒண்ணு இருந்தா போதும்."

இங்கே அவருடைய குரலில் மிரட்டல் வரக் கூடாது. களைப்பு போதும். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். வாசகர் அவரை வில்லனாக்கிவிட்டால் அவளுடைய முடிவு சுலபமாகிவிடும்.

இப்போது ஒரு முரணைக் கவனியுங்கள், கதையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சட்டப்படி பாதுகாக்க வேண்டியது மென்பொருள் பதிவு. அதில் பெரியவர் எதிர்ப்பதாகத்தான் கேட்கிறது. சாரின் கூற்றுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் போன் பதிவிலுள்ள சாஸர் சத்தம். அதை அழித்தால் மினிட்ஸ் ஒன்று சொல்லும், கம்பெனி காக்கும் பதிவு வேறொன்று சொல்லும். அவளுக்கு இது புரிகிறது. அவருக்குப் புரியவில்லை. சொல்வதா, சொன்னபடி செய்வதா என்பதே கடைசிப் பக்கம். சொல்கிறாள் என்றும் எழுதலாம், அழிக்கிறாள் என்றும் எழுதலாம். அழித்துவிட்டு அடைப்பை மட்டும் நீக்காமல் மெயில் அனுப்புவது மூன்றில் வலுவானது என்பது நம் எண்ணம். கீழ்ப்படிந்ததும் கீழ்ப்படியாததும் ஒரே செயலில் வந்துவிடுகிறது.

எழுதி முடித்தபின்

நீளம் இரண்டாயிரம் சொல்லைத் தாண்ட வேண்டியதில்லை. திருத்தும்போது முதலில் நேரங்களைச் சரிபாருங்கள். மணியும் ரெக்கார்டிங் நிமிடமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பதினொன்றரைக்கு முதல் சுற்றின் நடுவில் இருப்பவள் பதினொன்றே முக்காலுக்கு 2:01-ஐப் பத்தாவது முறை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பிழை எல்லா முதல் வரைவிலும் இருக்கும்.

அடுத்து, ரெக்கார்டிங்கில் இல்லாததைத் தேடி அடியுங்கள். "தலைவர் முகம் சிவந்தது", "வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்". இவை அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கையில் இருப்பது ஒலி மட்டுமே. முகம் சிவந்ததை மூச்சாக, மேசைமேல் வைத்த பேனாவாக மாற்றுங்கள். மாற்ற வழியில்லாததை நீக்கிவிடுங்கள்.

பிறகு உரையாடல்களிலிருந்து "என்றார்" எல்லாவற்றையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு வேறொருவரிடம் படிக்கக் கொடுத்து, யார் பேசுவது என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு குரல் குழம்பினால் தவறு வருகைக் காட்சியில் இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாகத் திரும்ப எழுதுங்கள்.